இருபத்தேழின் லாக், ஒன்பதின் லாக்

ஜீவிதாவுக்கு எண்களெல்லாம் மாடி வீட்டில் குடியிருப்பவை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு முதல் படியில் இருக்கும். நான்கு இரண்டாம் படியில். எட்டு மூன்றாம் படி, பதினாறு நான்காம் படி. ஒன்றிலிருந்து கிளம்பி, படிக்கு ஒருமுறை இரண்டால் பெருக்கிக்கொண்டே எத்தனை படி ஏறினால் அந்த எண்ணின் வாசல் வருமோ, அதுதான் அதன் லாக். பள்ளிப் புத்தகம் அதை மடக்கை என்று சொன்னது. படிதோறும் பெருக்குகிற எண்ணை அடிமானம் என்றது. அந்தப் பெயர்களும் அவளுக்குப் பிடித்திருந்தன.

செம்பட்டி தாண்டி தென்னந்தோப்புகளுக்கு நடுவே பஸ் போகும்போது அவள் கண்ணைத் திறந்தபடியே கனவு காண்பாள். கீழே தெருவில் எண்கள் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு மூச்சு வாங்கும். நான்கை எட்டால் பெருக்கு, முப்பத்திரண்டு. மேலே, அவற்றின் லாக்குகள் நடமாடும் தெருவில், பெருக்கல் என்ற பேச்சே கிடையாது. இரண்டு படியும் மூன்று படியும் கைகோத்தால் ஐந்து படி, அவ்வளவுதான். கீழே வகுத்தால் மேலே கழிப்பார்கள். கீழே ஓர் எண்ணின் தலையில் அடுக்கு ஏறி உட்கார்ந்தால், மேலே அந்த அடுக்கு மரியாதையாக இறங்கி முன்னால் வந்து நிற்கும். இரண்டின் அடுக்கு ஐந்துக்கு லாக் எடுத்தால், ஐந்து முன்னால் வந்து, இரண்டின் லாக்கைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும். கனம் குறைந்துபோன அந்தத் தெருவில் நடக்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

அவள் படித்தது தபால் வழி பி.ஏ. வரலாறு. கணக்கை அவளாகத்தான் கற்றுக்கொண்டாள், பழைய புத்தகக் கடையில் வாங்கிய பதினோராம் வகுப்புப் புத்தகத்தை வைத்து. அம்மா சிவனம்மாள் சித்தையன்கோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காய் பறிக்கப் போகிறவள். வீடு ஒரே அறை. படிக்க உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு டி.வி. சுவரைத் தாண்டி வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை அரசு வேலைத் தேர்வுகளுக்காக நடத்துகிற இலவசப் பயிற்சி மையத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு கண். தங்குமிடம், சாப்பாடு, நான்கு மாதப் படிப்பு. முப்பது பேருக்குத்தான் இடம். இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மில்லில் சேர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆள் எடுக்கிறவர் வீடு தேடி வந்து பெயரை எழுதிக்கொண்டும் போயிருந்தார். அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் ஜீவிதாவுக்கு மறுத்துப் பேச முடியவில்லை.

மையத்தின் நுழைவுத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமை மதியம் விடைக்குறிப்பும் பெயர்ப் பட்டியலும் மையத்தின் வராந்தாச் சுவரில் ஒட்டப்பட்டன. ஜீவிதாவும் ஆனந்தியும் சேர்ந்துதான் பார்க்கப் போனார்கள்.

ஆனந்தி அதே ஊர், அடுத்த தெரு. அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஜீவிதாவைவிட நான்கு மாதம் மூத்தவள். வாய் ஓயாதவள். ஜீவிதா நாள் முழுவதும் பேசவேண்டியதை ஆனந்தியே சேர்த்துப் பேசிவிடுவாள். டிக்கெட் வாங்குவது, கூட்டத்தில் இடம் பிடிப்பது, கண்டக்டரிடம் சில்லறைக்கு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். அந்த நிழலில் ஜீவிதா இரண்டு வருடமாக வாய் திறக்காமல் வாழ்ந்துவந்தாள்.

பட்டியலில் முப்பதாவது பெயர் ஆனந்தி, நாற்பத்து மூன்று மதிப்பெண். முப்பத்தொன்றாவது ஜீவிதா, நாற்பத்திரண்டு. ஜீவிதாவின் பெயருக்கு மேலே சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்திருந்தார்கள்.

ஆனந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையில் தன் சந்தோஷம் தெரிந்துவிடக்கூடாது என்று கஷ்டப்படுவது ஜீவிதாவுக்குப் புரிந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் நீதான், யாராவது வராமல் போவார்கள் என்றெல்லாம் ஆனந்தி ஆறுதல் சொன்னாள். ஜீவிதா தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்த விடைக்குறிப்பைப் பார்க்கப் போனாள். முப்பத்தேழாம் கேள்வியில் அவள் விரல் நின்றது.

இருபத்தேழின் லாக்கை ஒன்பதின் லாக்கால் வகுத்தால் என்ன? அட்டவணை இல்லாமல் சுருக்குக. அ: மூன்று. ஆ: மூன்றின் லாக். இ: மூன்று பை இரண்டு. ஈ: பதினெட்டின் லாக்.

அவள் இ போட்டிருந்தாள். விடைக்குறிப்பில் அ என்று இருந்தது.

இருபத்தேழு என்பது மூன்றின் அடுக்கு மூன்று. ஒன்பது என்பது மூன்றின் அடுக்கு இரண்டு. அடுக்குகள் முன்னால் இறங்கி வந்தால், மேலே மூன்று பெருக்கல் மூன்றின் லாக், கீழே இரண்டு பெருக்கல் மூன்றின் லாக். மேலும் கீழும் இருக்கிற மூன்றின் லாக் ஒரே ஆள்தான். இரண்டு பேரும் போய்விட்டால் மிச்சம் மூன்று பை இரண்டு, ஒன்றரை. தேர்வன்று அவளை மயக்கியதும் அதுதான். மூன்றின் லாக் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அட்டவணையும் இல்லை. முகம் காட்டாமல் வந்து, வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, முகம் காட்டாமலே போய்விடுகிற ஒருவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரை நிமிடம் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தேழு நீ என்ன போட்ட?" என்று ஆனந்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"மூணு பை ரெண்டு."

"நான் மூணு போட்டேன். லாக்கும் லாக்கும் அடிபட்டுப்போகும்ல. நீதானடி சொல்லிக் குடுத்த."

ஜீவிதா விடைக்குறிப்பிலிருந்து விரலை எடுத்தாள். ஆமாம், அவள்தான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது, ஆனந்தி லாக் பாடம் ஒன்றும் விளங்கவில்லை என்றாள். ஜீவிதா நோட்டைக் கம்பியில் சாய்த்துவைத்து, நான்கின் லாக்கை இரண்டின் லாக்கால் வகுத்துக் காட்டினாள். நான்கு என்பது இரண்டின் அடுக்கு இரண்டு. ஆகவே மேலே இரண்டு பெருக்கல் இரண்டின் லாக், கீழே இரண்டின் லாக், விடை இரண்டு. அவள் எழுதி முடிப்பதற்குள் ஆனந்தி சிரித்துவிட்டாள். மேலே லாக், கீழே லாக், இரண்டையும் அடித்துவிட்டால் நாலு பை இரண்டு, அதுவும் இரண்டுதானே, இம்புட்டுக்குத்தானா இந்தச் சுத்து என்றாள். அது தப்பு என்று ஜீவிதாவுக்குத் தெரியும். லாக் என்பது எண்ணின் பக்கத்தில் ஒட்டிய சீட்டு இல்லை, பிய்த்து எறிவதற்கு. நாலும் இரண்டும் மட்டும் அப்படித் தற்செயலாகப் பொருந்திப்போகின்றன. ஆனால் விடை சரியாக வந்துவிட்டது. பஸ்ஸில் கூட்டம். ஆனந்தி சந்தோஷமாக இருந்தாள். ஜீவிதா தலையாட்டிவிட்டு நோட்டை மூடிவிட்டாள்.

விடைக்குறிப்பின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் படிவம் எழுதித் தரவேண்டும். ஆதாரமாகப் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் அவசியம்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை மாறினால் தனக்கு ஒன்று கூடும், நாற்பத்து மூன்று. ஆனந்திக்கு ஒன்று குறையும், நாற்பத்திரண்டு. இருபத்தொன்பதாவது ஆளுக்கு நாற்பத்தைந்து. முப்பத்திரண்டாவது ஆளுக்கு நாற்பது. மேலேயும் கீழேயும் யாரும் அசையப்போவதில்லை. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு பெண்கள் மட்டும் இடம் மாறிக்கொள்வார்கள். ஆனந்தி அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்து, தோப்புக்குள் தென்னைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பெருகிக்கொண்டே போயின.

பேசாமல் இருந்துவிடலாம். அது அவளுக்குக் கைவந்த வேலை. மில்லிலும் பேசத் தேவையில்லை. இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சுவரில் மூன்று என்று எழுதியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் மூன்று என்றே எழுதிக்கொண்டு போவார்கள்.

சனிக்கிழமை காலையில் அவள் ஆனந்தி வீட்டுக்குப் போனாள். சைக்கிள் கடை வாசலில் நின்றபடி, ஆட்சேபம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். ஒரே மூச்சில் சொன்னாள். ஆனந்தி முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு அவள் முகம் மாறியது. குறைகிற மதிப்பெண் யாருடையது என்று அவளும் கணக்குப் போட்டுவிட்டாள்.

"சரி, போ. நானும் வாரேன். என்ன சொல்றன்னு நானும் பாக்கணும்ல."

பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்தார்கள். இருவரும் தனித்தனியாக டிக்கெட் வாங்கினார்கள்.

மையத்தின் பொறுப்பாளர் சாகுல் ஹமீது சார். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கணக்கு ஆசிரியர் இல்லை. வினாத்தாளையும் விடைகளையும் வெளியில் ஒருவரிடம் வாங்கியிருந்தார். அன்று காலை வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லாரும் வரலாறு, அறிவியல் கேள்விகளுக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். கணக்குக்கு வந்தவள் ஜீவிதா ஒருத்திதான்.

அவள் பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் பக்க எண்ணைப் படிவத்தில் எழுதியிருந்தாள். சார் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே பார்த்தார்.

"இந்தக் கணக்கு இதுல இல்லையேம்மா. விதி மட்டும்தான இருக்கு?"

விதியிலிருந்துதான் சார் கணக்கு வரும் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பின்னால் யாரோ, நேரமாகுது என்று முணுமுணுத்தார்கள். சார் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். ஜீவிதா அதை வாங்காமல், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸ் சின்னத் துண்டு. முதல் கோடு வளைந்துபோனது.

இருபத்தேழை மூன்றின் அடுக்கு மூன்று என்று எழுதினாள். ஒன்பதை மூன்றின் அடுக்கு இரண்டு என்று எழுதினாள். அடுக்குகளை முன்னால் கொண்டுவந்தாள். மேலும் கீழும் இருந்த மூன்றின் லாக்கை அடித்தாள். மூன்று பை இரண்டு.

சார் நெற்றியைச் சுருக்கினார். "நீயும் லாக்கத்தான அடிக்கிற? அவங்களும் அதத்தான அடிச்சிருக்காங்க?"

நல்ல கேள்வி என்று ஜீவிதாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயம் கொஞ்சம் விலகியது. இப்போது எதிரில் சார் இல்லை, வராந்தா இல்லை, கேள்வி மட்டும் இருந்தது.

"நான் அடிச்சது முழு எண்ண சார். மூணோட லாக் அப்படிங்கிறது ஒரு எண்ணு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஆனா மேலயும் அதேதான், கீழயும் அதேதான். அவங்க லாக்க மட்டும் பிச்சு எடுத்துட்டு இருபத்தேழையும் ஒம்பதையும் விட்டுட்டாங்க."

சார் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் இன்னொரு வரி எழுதினாள். நூறின் லாக், வகுத்தல் பத்தின் லாக். அடிமானம் பத்து என்றாள். பத்து முதல் படி, ஆகவே அதன் லாக் ஒன்று. நூறு இரண்டாம் படி, அதன் லாக் இரண்டு. இதற்கு அட்டவணையே வேண்டாம். இரண்டை ஒன்றால் வகுத்தால் இரண்டு.

"லாக்க அடிச்சா நூறு பை பத்து, பத்துன்னு வரும் சார். ரெண்டும் பத்தும் ஒண்ணா?"

அறிவியல் புத்தகத்தோடு நின்ற ஒருவர், அப்ப ஆ ஏன் வராது, வகுத்தா கழிக்கணும், கழிச்சா மூணோட லாக்தானே என்று கேட்டார். ஜீவிதா அவரைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னாள். லாக்கிலிருந்து லாக்கைக் கழித்தால்தான் உள்ளே இருக்கிற எண்களை வகுக்கலாம். இங்கே கழிக்கவில்லை, லாக்கையே லாக்கால் வகுத்திருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. சொல்லி முடித்த பிறகுதான், முன்பின் தெரியாத ஒருவரிடம் இவ்வளவு பேசியிருக்கிறோம் என்று உறைத்தது.

சாகுல் ஹமீது சார் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். நல்ல மனிதர். சுவரில் ஒட்டிய பெயரை எடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. கேள்வியில் குழப்பம் இருந்தது என்று வைத்துக்கொண்டு, முப்பத்தேழுக்கு எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாமே என்றார். எந்த விடை போட்டிருந்தாலும் சரி. யாருக்கும் குறையாது. சமமாக வந்தால் வழக்கம்போல வயதில் மூத்தவருக்கு இடம்.

சமமாகத்தான் வரும். நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று. மூத்தவள் ஆனந்தி.

ஜீவிதா கூட்டத்தில் ஆனந்தியைத் தேடினாள். தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பலகையில் இருந்த நூறையும் பத்தையும் உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது தலையாட்டினால் போதும். எல்லாருக்கும் நிம்மதி. சார் புன்னகைப்பார், ஆனந்தி கையைப் பிடித்துக்கொள்வாள், பஸ்ஸில் ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். கழுத்து அதற்குத் தயாராகவே இருந்தது.

"வேண்டாம் சார்," என்றாள். "கேள்வியில குழப்பம் இல்ல. மூணுங்கிறது தப்பு. தப்புக்கும் மார்க் குடுத்தா, எது சரின்னு யாருக்குத் தெரியும்?"

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய், போனில் யாரிடமோ பேசினார். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வது வெளியே கேட்டது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஜீவிதா பலகையைப் பார்த்தபடி நின்றாள். மூன்றின் லாக் இரண்டு இடத்திலும் குறுக்குக் கோட்டுக்குக் கீழே அமைதியாக இருந்தது. அடித்த பிறகும் அது அங்கேதான் இருக்கிறது, அழியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சார் வெளியே வந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, விடைக்குறிப்பில் அ-வை அடித்து இ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பட்டியலில் இரண்டு பெயர்களுக்கும் எதிரே புது எண்களை எழுதினார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மாற்றுடையோடு வந்துவிடு என்று ஜீவிதாவிடம் சொன்னார். காத்திருப்போரில் முதல் ஆள் நீ என்று ஆனந்தியிடம் மெதுவாகச் சொன்னார். ஆனந்தி, சரிங்க சார் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஆனந்தி முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜீவிதா பின்னால். மதிய வெயிலில் வயல்கள் வெளுத்துக் கிடந்தன. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். முருங்கைக்காய்க் கட்டை இறக்கிவைத்துவிட்டு அம்மா என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைப்பு அங்கேயே நிற்காமல் முன் இருக்கையில் தெரிந்த பின்னலுக்கே வந்துகொண்டிருந்தது.

ஊரில் இறங்கினார்கள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஆனந்தி நடக்கத் தொடங்கிவிட்டு நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கு பஸ்ல, நான் லாக்க அடிச்சப்ப, அது தப்புன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் மூணு பை ரெண்டு போட்டிருப்பேன்ல."

அப்படி நடந்திருந்தால், விடை திருத்திய பிறகு ஆனந்திக்கு நாற்பத்து மூன்றே நின்றிருக்கும். ஜீவிதாவுக்கும் அதுவே. மூத்தவள் உள்ளே போயிருப்பாள். இரண்டு பேரும் அதை ஒரே சமயத்தில் கணக்குப் போட்டார்கள். ஜீவிதா மறுக்கவில்லை.

"சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான்," என்றாள்.

ஆனந்தி திரும்பினாள். கண் சிவந்திருந்தது, அழுதாளா, ஜன்னல் காற்றா தெரியவில்லை. தன் தெருப் பக்கம் நாலு எட்டு நடந்துவிட்டு மறுபடி நின்றாள்.

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம அங்க லீவு விடுவாங்கள்ல? வாரப்ப நோட்ட எடுத்துட்டு வா. நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம். நானே பாத்து எழுதிக்கிறேன். நான் தப்பாப் போட்டா மட்டும் வாயத் தெற."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று சைக்கிள் கடையைப் பார்த்துப் போனாள். ஜீவிதா, சரி என்றாள். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது. அதனால் இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள்.